பாதுகாப்பு கவுன்சில் கட்டளையிட்டால் யார் கட்டுப்பட வேண்டும்?

1988 டிசம்பர் 21 அன்று இரவு, லண்டனிலிருந்து நியூயார்க் சென்றுகொண்டிருந்த பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், எரியும் பாகங்கள் விழுந்ததில் ஊர்க்காரர்கள் 11 பேரும் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ மூன்றாண்டு புலன்விசாரணைக்குப் பிறகு, 1991 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் லிபிய நாட்டவர் இருவர்மீது குற்றம் சாட்டின. அவர்களைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டன. லிபியா மறுத்துவிட்டது.

மறுப்பதற்கு லிபியாவின் கையில் ஒரு சட்டம் இருந்தது. விமானங்களைத் தகர்க்கும் குற்றங்களைத் தடுக்க 1971-இல் மான்ட்ரியலில் உருவான உடன்படிக்கை அது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் மண்ணில் இருந்தால், ஒரு நாடு அவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் தன் நாட்டு அதிகாரிகளிடமே வழக்கை விட்டு விசாரிக்கலாம். இரண்டில் ஒன்றைச் செய்தால் போதும். மூன்று நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்றிருந்தன. ‘எங்கள் சட்டப்படி சொந்தக் குடிமக்களை ஒப்படைக்க முடியாது, நாங்களே விசாரிக்கிறோம்’ என்றது லிபியா. சட்டப்படி பார்த்தால் அது ஒன்றும் மோசமான வாதமில்லை.

ஆனால் சில மாதங்களிலேயே அந்த வாதம் செல்லாமல் போனது. உடன்படிக்கையில் ஒரு வரியும் மாறவில்லை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் பத்துப் பேர் கை தூக்கியதுதான் காரணம். பத்து வாக்குகளுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பலம் எங்கே தீர்ந்துபோகிறது என்பதை லாக்கர்பி விவகாரத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

ஒரே கோரிக்கை, இரண்டு தீர்மானங்கள்

பாதுகாப்பு கவுன்சில் லிபியாவைப் பற்றி முதலில் பேசியது 1992 ஜனவரி 21-ஆம் தேதி. அன்று நிறைவேறிய 731-ஆம் தீர்மானம், விசாரணைக்கு லிபியா சரியாக ஒத்துழைக்காததற்கு வருத்தம் தெரிவித்தது. கோரிக்கைகளுக்கு உடனே முழுமையாகப் பதிலளிக்கும்படி லிபியாவை வலியுறுத்தியது. பதினைந்து உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். யாருக்கும் தயக்கமில்லை, ஏனென்றால் அது வேண்டுகோள். மீறினால் அவப்பெயர் வரும்; சட்டத்தை மீறியதாக ஆகாது.

மார்ச் 3-ஆம் தேதி லிபியா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி தனக்குள்ள உரிமையைக் காப்பாற்ற வேண்டும், அமெரிக்காவும் பிரிட்டனும் தன்னை மிரட்டாமலிருக்க இடைக்கால உத்தரவு போட வேண்டும் என்று கேட்டது. மார்ச் 28-ஆம் தேதி வாதங்கள் முடிந்து நீதிபதிகள் யோசிக்கத் தொடங்கினார்கள். மூன்றே நாளில், மார்ச் 31-ஆம் தேதி, நியூயார்க்கில் பாதுகாப்பு கவுன்சில் 748-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இரண்டு தீர்மானங்களும் கேட்டது ஒன்றைத்தான். கேட்ட விதம்தான் அடியோடு வேறு. 748 மூன்று காரியங்களைச் செய்தது. முதலாவதாக, லிபியா ஒத்துழைக்காமலிருப்பது சர்வதேச அமைதிக்கே அச்சுறுத்தல் என்று அறிவித்தது. இரண்டாவதாக, ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் செயல்படுவதாகச் சொன்னது. மூன்றாவதாக, லிபியா இனித் தாமதமின்றி இணங்கியே ஆக வேண்டும் என்று ‘முடிவு செய்தது’. இணங்காவிட்டால் ஏப்ரல் 15 முதல் லிபியாவுக்கு விமானப் போக்குவரத்து, விமான உதிரிபாகங்கள், ஆயுதங்கள் எதுவும் கிடையாது. அதன் தூதரக ஊழியர்களின் எண்ணிக்கையையும் எல்லா நாடுகளும் குறைக்க வேண்டும். முன்பே போட்ட ஒப்பந்தம் எதையும் காரணம் காட்டி எந்த நாடும் விலகக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள்.

இந்த முறை வாக்கெடுப்பு பழையபடி நடக்கவில்லை. பத்து நாடுகள் ஆதரித்தன. சீனா, இந்தியா, மொராக்கோ, ஜிம்பாப்வே, கேப் வெர்டே ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இத்தகைய தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்குகள் வேண்டும்; நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. நிரந்தர உறுப்பினர் ஒதுங்கி நிற்பது எதிர்ப்பாகக் கருதப்படாது என்பது நெடுங்கால நடைமுறை. ஆகவே சீனா ஒதுங்கியது தடையாகவில்லை. ஆனால் ஆதரித்தவர்களில் இன்னும் இருவர் ஒதுங்கியிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். வேண்டுகோள் என்றபோது ஒருமனதாக இருந்த அவை, கட்டளை என்றதும் பிளந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தூதரும் அறிந்திருந்தார்.

கட்டளையின் வேர்

இந்தக் கட்டளைக்கு வேர் சாசனத்தின் 25-ஆம் பிரிவு. பாதுகாப்பு கவுன்சிலின் முடிவுகளை, இந்தச் சாசனத்துக்கு இணங்க, ஏற்று நிறைவேற்ற உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்கின்றன என்பதே அதன் சாரம். ஒற்றை வாக்கியம்தான். ஐ.நா.வில் சேரும் ஒவ்வொரு நாடும் சேரும்போதே இந்த வாக்கைக் கொடுத்துவிடுகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அதனிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பொதுச்சபைக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடையாது. தன் வரவு செலவு, உறுப்பினர் சேர்க்கை போன்ற உள்விவகாரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், 190-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பொதுச்சபையில் சொல்வது பரிந்துரைதான். பதினைந்து நாடுகள் மட்டுமே உள்ள கவுன்சில் சொல்வது சட்டமாகலாம்.

அந்தச் சட்டத்துக்குக் கூடுதல் வலு தருவது 103-ஆம் பிரிவு. சாசனத்தால் வரும் கடமையும் வேறோர் உடன்படிக்கையால் வரும் கடமையும் மோதினால், சாசனக் கடமையே மேலோங்கும் என்கிறது அது. லிபியாவின் வழக்கு விழுந்த இடம் இதுதான். 1992 ஏப்ரல் 14 அன்று, தடைகள் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பு, சர்வதேச நீதிமன்றம் 11-க்கு 5 என்ற கணக்கில் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. லிபியாவும் எதிர்த்தரப்பு நாடுகளும் 25-ஆம் பிரிவின்படி கவுன்சிலின் முடிவுகளை ஏற்க வேண்டியவை. மேலோட்டமாகப் பார்க்கையில் அந்தக் கடமை 748-க்கும் பொருந்தும். அப்படியானால் 103-ஆம் பிரிவின்படி அது மான்ட்ரியல் உடன்படிக்கையை விட மேலானது என்று நீதிபதிகள் காரணம் சொன்னார்கள். மார்ச் 31-க்கு முன் லிபியாவுக்கு இருந்திருக்கக்கூடிய உரிமை, அந்தத் தேதிக்குப் பிறகு இடைக்காலப் பாதுகாப்புக்குக்கூடத் தகுதியற்றதாகிவிட்டது.

ஏழாம் அத்தியாயம் இல்லாவிட்டால்?

748-ஐப் பொறுத்தவரை குழப்பம் எதுவுமில்லை. ஏழாம் அத்தியாயத்தின் பெயர் அதில் இருந்தது, ‘முடிவு செய்கிறது’ என்ற சொல்லும் இருந்தது. எல்லாத் தீர்மானங்களும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. இதிலிருந்து ஒரு நம்பிக்கை பிறந்திருக்கிறது: ஏழாம் அத்தியாயத்தைச் சொன்னால் கட்டளை, சொல்லாவிட்டால் வெறும் அறிவுரை. தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி கேட்கலாம். இது முழு உண்மையல்ல என்பதை நமீபியா விவகாரத்தில் சர்வதேச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது.

முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து பறிக்கப்பட்ட தென்மேற்கு ஆப்பிரிக்கா, பொறுப்பாட்சி என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1966-இல் ஐ.நா. பொதுச்சபை அந்தப் பொறுப்பாட்சியை முடித்துவைத்தது. தென்னாப்பிரிக்கா வெளியேறவில்லை. 1970 ஜனவரி 30 அன்று பாதுகாப்பு கவுன்சில் 276-ஆம் தீர்மானத்தில், அங்கே தென்னாப்பிரிக்கா தொடர்ந்திருப்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முரணாக அதனுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. பிரான்ஸும் பிரிட்டனும் ஒதுங்கி நின்றன. ஏழாம் அத்தியாயம் என்ற பேச்சே தீர்மானத்தில் இல்லை. ஆகவே இது யாரையும் கட்டுப்படுத்தாது என்ற வாதம் எழுந்தது. இதனால் உறுப்பு நாடுகளுக்கு என்னென்ன சட்ட விளைவுகள் என்று கவுன்சிலே நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்டது.

1971 ஜூன் 21 அன்று வந்த பதில் இரண்டு படிகளாக இருந்தது. முதல் படி: 25-ஆம் பிரிவு ஏழாம் அத்தியாயத்துக்குள் வைக்கப்படவில்லை, சாசனத்தில் பாதுகாப்பு கவுன்சிலின் பணிகளையும் அதிகாரங்களையும் சொல்லும் பகுதியில், 24-ஆம் பிரிவுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் அத்தியாய நடவடிக்கைகளை மட்டும் மனதில் வைத்து அதை எழுதியிருந்தால், அங்கே தனியாக அதை வைத்திருக்கத் தேவையே இல்லை. இரண்டாவது படி: அதற்காகக் கவுன்சில் சொல்லும் எல்லாமே கட்டுப்படுத்திவிடாது. தீர்மானத்தின் வாசகம், அதற்கு முன் நடந்த விவாதம், மேற்கோள் காட்டப்பட்ட சாசனப் பிரிவுகள், சுற்றியுள்ள சூழல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனியாக முடிவுக்கு வர வேண்டும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, 276 கட்டுப்படுத்தும் முடிவுதான் என்றது நீதிமன்றம். பிரிட்டனின் ஃபிட்ஸ்மாரிஸும் பிரான்ஸின் குரோவும் மாறுபட்ட நீதிபதிகளில் அடங்குவர்.

அந்தக் கருத்தில் இன்னொன்றும் உண்டு. சட்டவிரோத ஆட்சியின் செயல்கள் செல்லாது என்பதற்காக, அங்கே பதிவான பிறப்பும் இறப்பும் திருமணமும் செல்லாதென்று சொல்லி மக்களைத் தண்டிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கட்டளைக்கு எதுவரை பொருள் கொள்ள வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது.

இந்த நான்கு அளவுகோல்களை நமக்குப் பழக்கமான தீர்மானங்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். காஷ்மீர் பற்றி 1948 ஏப்ரல் 21 அன்று வந்த 47-ஆம் தீர்மானம், படைவிலக்கலுக்கும் பொதுவாக்கெடுப்புக்குமான வழிமுறைகளை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ‘பரிந்துரைத்தது’. அது சமரச முயற்சி என்பதை வாசகமே காட்டிக்கொடுக்கிறது. 1998-இல் இரு நாடுகளும் அணுகுண்டு சோதனை நடத்தியபின் ஜூன் 6 அன்று வந்த 1172-ஆம் தீர்மானத்தின் குரல் கடுமையானது. சோதனைகளைக் கண்டித்தது, மேற்கொண்டு சோதனை கூடாது என்று கோரியது. அணு ஆயுதத் திட்டங்களை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. ஆனால் ஏழாம் அத்தியாயத்தைத் தொடவில்லை, தடை எதையும் விதிக்கவில்லை.

காசா விவகாரத்தில் 2024 மார்ச் 25 அன்று நிறைவேறிய 2728-ஆம் தீர்மானத்தை வைத்து நடந்த சண்டையும் இதுதான். ரமலான் மாதத்துக்கு உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும், பிணைக்கைதிகள் அனைவரையும் நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டும் என்று அது கோரியது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா ஒதுங்கியது. வாக்கெடுப்பு முடிந்த கையோடு ‘இது கட்டுப்படுத்தாத தீர்மானம்’ என்றது அமெரிக்கா. கட்டுப்படுத்தும் என்று மற்ற உறுப்பினர்கள் சிலர் மறுத்தார்கள். ஏழாம் அத்தியாயம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கதவை 1971-இன் கருத்து மூடிவிட்டது. ‘கோருகிறது’ என்ற சொல் கட்டளையின் பக்கம் சாய்கிறது. ‘முடிவு செய்கிறது’ என்ற சொல் இல்லாததும் சாசனப் பிரிவு எதுவும் சுட்டப்படாததும் மறுபக்கம் இழுக்கின்றன. இதற்கு விடை சொல்ல ஒரு நீதிமன்றம் கேட்கப்படவில்லை. அதனால் ஒவ்வொரு அரசும் தன் விடையையே சரியென்று வைத்துக்கொண்டது. ரமலான் முடிந்தது, போர் நிற்கவில்லை.

எல்லை எங்கே, காவலர் யார்?

இனி 25-ஆம் பிரிவின் மற்றொரு பாதிக்கு வருவோம். ‘இந்தச் சாசனத்துக்கு இணங்க’ என்ற சொற்றொடர் அந்த வாக்கியத்தின் உள்ளேயே இருக்கிறது. 24-ஆம் பிரிவும் கவுன்சில் ஐ.நா.வின் நோக்கங்களுக்கும் கொள்கைகளுக்கும் ஏற்பச் செயல்பட வேண்டும் என்கிறது. இனப்படுகொலைக்கும் அடிமை முறைக்கும் எதிரான தடைபோல, எந்த ஒப்பந்தத்தாலும் மாற்ற முடியாத சில அடிப்படை விதிகள் சர்வதேசச் சட்டத்தில் உண்டு. அவற்றைக் கவுன்சிலும் மீற முடியாது என்பதே சட்ட அறிஞர்களிடையே பரவலான கருத்து. ஆகவே காகிதத்தில் எல்லை இருக்கிறது. அது மீறப்பட்டதா என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் காகிதத்தில் இல்லை.

1945-இல் சான்பிரான்சிஸ்கோவில் சாசனத்தை எழுதியபோதே இந்தக் கேள்வி வந்தது. கவுன்சிலின் முடிவால் தன் அடிப்படை உரிமை பறிபோகிறது என்று கருதும் நாடு சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தை நாட வழி வேண்டும் என்று பெல்ஜியம் யோசனை சொன்னது. அது ஏற்கப்படவில்லை. நம் ஊரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்வதுபோல, கவுன்சிலின் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் ஹேக் நீதிமன்றத்துக்குக் கொடுக்கப்படவில்லை. ‘அமைதிக்கு அச்சுறுத்தல் இருக்கிறதா’ என்று தீர்மானிப்பதும் கவுன்சில்தான், அதற்குத் தண்டனை விதிப்பதும் கவுன்சில்தான்.

லாக்கர்பி வழக்கில் நீதிபதிகளை உறுத்தியது இதுவே. கவுன்சிலின் மதிப்பீட்டு அதிகாரத்துக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அதைச் சொல்லத் தகுதியுள்ளது எந்த அமைப்பு என்று கயானாவைச் சேர்ந்த நீதிபதி முகமது ஷகாபுதீன் தனிக் கருத்தில் வெளிப்படையாகக் கேட்டார். இலங்கையைச் சேர்ந்த நீதிபதி சி.ஜி. வீரமந்திரி மாறுபட்ட ஐவரில் ஒருவர். தீர்மானத்தை மீறாமலேயே நீதிமன்றம் சில இடைக்காலப் பாதுகாப்புகளைத் தந்திருக்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு. 1998 பிப்ரவரி 27 அன்று நீதிமன்றம் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது. வழக்குப் போட்ட பிறகு வந்த தீர்மானத்தைக் காட்டி வழக்கையே தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. இறுதி விசாரணை நடந்திருந்தால் ஷகாபுதீனின் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கலாம். 2003 செப்டம்பரில் தரப்புகள் உடன்பட்டு வழக்கைத் திரும்பப் பெற்றன. கேள்வி அப்படியே நிற்கிறது.

கட்டளையை நிறைவேற்றும் கைகள்

ஆனால் எல்லை வேறோர் இடத்திலிருந்து வந்தது. பாதுகாப்பு கவுன்சிலிடம் சொந்தமாக வங்கியோ விமான நிலையமோ சுங்கச் சாவடியோ காவல் நிலையமோ இல்லை. அதன் கட்டளை ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்குள் நுழைந்தால்தான் நடக்கும். இதற்காகவே இந்தியா 1947-லேயே ஐ.நா. (பாதுகாப்பு கவுன்சில்) சட்டத்தை இயற்றியது. கவுன்சில் விதிக்கும் தடைகளை மத்திய அரசு ஓர் உத்தரவின் மூலம் அமல்படுத்த அது வழிசெய்கிறது. இலங்கையில் 1968-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டம் அதே வேலையைச் செய்கிறது.

இந்தக் கைமாற்றத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஈழத் தமிழர் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் வந்த 1373-ஆம் தீர்மானம், பயங்கரவாதத்துக்குப் பணம் தருபவர்களின் சொத்துகளை முடக்கும்படி எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது. யாரை முடக்குவது என்ற பட்டியலை மட்டும் அது தரவில்லை. அதை ஒவ்வொரு அரசும் தானே தயாரித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தின் பேரில் இலங்கை அரசு 2014-இல் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பட்டியலிட்டது. புலம்பெயர்ந்த தமிழர் அமைப்புகள் பல அதில் இருந்தன. ஆட்சி மாறியபின் 2015-இல் அவற்றில் சில நீக்கப்பட்டன. தீர்மானத்தில் ஒரு சொல்கூட மாறாமல், அது தொடும் ஆட்கள் மாறினார்கள்.

பட்டியலைக் கவுன்சிலே தயாரித்தால் என்ன ஆகும்? அதற்குப் பதில் சவூதி தொழிலதிபர் யாசின் அப்துல்லா காதியின் வழக்கு. 1999-இன் 1267-ஆம் தீர்மானத்தால் உருவான தடைக்குழு 2001 அக்டோபர் 17 அன்று அவர் பெயரைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் உடனே தன் விதிமுறையின்கீழ் அவர் சொத்துகளை முடக்கியது. என்ன ஆதாரம் என்று அவருக்குச் சொல்லவில்லை. மேல்முறையீடு செய்ய ஓர் இடமுமில்லை. 2005-இல் ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம், 103-ஆம் பிரிவு இருக்கையில் தன்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்று கைவிரித்தது.

2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வேறு பாதையில் சென்றது. ‘கவுன்சிலின் தீர்மானத்தை நாங்கள் தொடவில்லை, அதை நிறைவேற்ற ஒன்றியம் போட்ட விதிமுறையை மட்டுமே பார்க்கிறோம். அது எங்கள் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டது’ என்பது அதன் தர்க்கம். தன் தரப்பைச் சொல்லும் உரிமையும், நீதிமன்றத்தை நாடும் உரிமையும், சொத்துரிமையும் மீறப்பட்டதாகக் கூறி, காதிக்குப் பொருந்தும் அளவில் விதிமுறையை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்ய மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. நியூயார்க்கில் தீர்மானம் முழு உயிரோடு இருந்தது. ஐரோப்பாவில் அதைச் செயல்படுத்தும் கை மட்டும் கட்டப்பட்டது.

விளைவு கவுன்சில் வரை போனது. 2009 டிசம்பரில் 1904-ஆம் தீர்மானத்தின் மூலம், பட்டியலில் உள்ளவர்களின் மனுக்களைப் பரிசீலிக்க ஒரு குறைதீர்ப்பாளர் பதவி உருவானது. 2011 முதல் அவர் ஒரு பெயரை நீக்கச் சொன்னால், தடைக்குழு ஒருமனதாக எதிர்த்தாலோ, உறுப்பினர் ஒருவர் விஷயத்தைக் கவுன்சிலுக்கே கொண்டுபோனாலோ அன்றி, அந்தப் பெயர் நீங்கிவிடும். காதியின் பெயர் 2012 அக்டோபர் 5 அன்று நீங்கியது. அல்-கொய்தா தொடர்பான பட்டியலுக்காக வந்த இந்த ஏற்பாடு, கவுன்சிலின் மற்றத் தடைப் பட்டியல்களுக்கு விரிவாக்கப்படவில்லை. வழக்கு எந்தப் பட்டியலை உறுத்தியதோ அந்தப் பட்டியலில் மட்டும் கவுன்சில் இறங்கிவந்தது.

படை அனுப்பும் விஷயத்தில் கட்டளையே கிடையாது. கவுன்சிலின் அழைப்புக்கு நாடுகள் படை தர முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஓர் ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை. அதனால் 1990-இல் குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றும் விஷயத்தில்கூட 678-ஆம் தீர்மானம் நாடுகளுக்கு அனுமதிதான் கொடுத்தது. போய்ப் போரிடுங்கள் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆப்பிரிக்கா சொன்ன ‘இல்லை’

லிபியாவின் கதையும் நீதிமன்றத்தில் முடியவில்லை. தடைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1993-இல் 883-ஆம் தீர்மானம் சொத்து முடக்கத்தையும் எண்ணெய்த் துறைச் சாதனத் தடையையும் சேர்த்தது. சந்தேக நபர்களை நடுநிலையான ஓரிடத்தில் விசாரிக்கலாம் என்ற யோசனைக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் இசையவில்லை. 1998 ஜூனில் பர்கினா பாசோவின் வாகடூகு நகரில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: வேறொரு நாட்டில் விசாரணை நடத்த ஒப்புக்கொள்ளாவிட்டால், செப்டம்பர் முதல் எங்கள் நாடுகள் இந்தத் தடைகளை மதிக்காது.

25-ஆம் பிரிவின்படி இது வெளிப்படையான மீறல். ஆனால் ஒரு கண்டத்தையே தண்டிக்கக் கவுன்சிலிடம் ஆட்களும் இல்லை, வாக்குகளும் இல்லை. ஆகஸ்ட் 27 அன்று வந்த 1192-ஆம் தீர்மானம், நெதர்லாந்தில் ஸ்காட்லாந்து நீதிபதிகள் ஸ்காட்லாந்துச் சட்டப்படி விசாரிக்கும் ஏற்பாட்டை வரவேற்றது. சந்தேக நபர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் தடைகள் நிறுத்திவைக்கப்படும் என்று முடிவு செய்தது. 1999 ஏப்ரல் 5 அன்று இருவரும் ஒப்படைக்கப்பட்டார்கள். 2001 ஜனவரியில் ஒருவர் தண்டிக்கப்பட்டார், மற்றவர் விடுதலையானார். தடைகள் முழுமையாக நீங்கியது 2003 செப்டம்பரில்.

இதை வைத்துக் கவுன்சிலின் கட்டளை வெற்றுக்காகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆறேழு ஆண்டுகள் லிபியாவின் விமானங்களைத் தரையிறக்கி வைத்ததும், இருவரையும் நீதிமன்றத்துக்கு வரவழைத்ததில் பெரும்பங்கு வகித்ததும் 748-தான். அதே சமயம், தான் கேட்ட வடிவத்தில் ஒப்படைப்பு நடக்கவில்லை என்பதும் உண்மை. கட்டளையின் சட்டப் பலம் ஒன்பது வாக்குகளிலும் 25-ஆம் பிரிவிலும் பிறக்கிறது. அதன் நடைமுறைப் பலம் அதை நிறைவேற்றும் நாடுகள் எவ்வளவு காலம் அதை நியாயமானதாகக் கருதுகின்றன என்பதைப் பொறுத்தது. மற்ற நாடுகள் நிறைவேற்ற வேண்டிய தடைகளில் இந்த இரண்டாவது பலம் கரைந்தால், முதல் பலம் எந்த நீதிமன்றமும் ரத்து செய்யாமலேயே கரையத் தொடங்கும்.

ஆகவே அடுத்த முறை ‘ஐ.நா. தீர்மானம் நிறைவேற்றியது’ என்ற செய்தி வந்தால், தீர்மானத்தின் வினைச்சொல்லை முதலில் பாருங்கள்: முடிவு செய்ததா, கோரியதா, கேட்டுக்கொண்டதா, பரிந்துரைத்ததா? அமைதிக்கு அச்சுறுத்தல் என்ற அறிவிப்பு உண்டா? எந்தச் சாசனப் பிரிவைச் சுட்டுகிறது? யார் யார் ஒதுங்கினார்கள்? கடைசியாக ஒன்று: அந்தத் தடையை எல்லையில், துறைமுகத்தில், வங்கியில் நிறைவேற்ற வேண்டிய பக்கத்து நாடுகள் அன்று எந்தப் பக்கம் நின்றன? முதல் நான்கு கேள்விகள் அது சட்டமா என்பதைச் சொல்லும். நடக்குமா என்பதைச் சொல்வது ஐந்தாவது.